ரைட்டர் காலியாக விட்ட கட்டம்

அவருக்கு ரைட்டர் என்று பேர் வைத்தது யாரென்று தெரியாது. நான் இந்த நீரேற்று நிலையத்துக்கு வந்த நாளிலிருந்தே அவர் ரைட்டர்தான். உண்மையில் அவர் பம்ப் ஆபரேட்டர். ஆறு ராட்சச பம்புகள், ஒரு நீளமான கட்டுப்பாட்டுப் பேனல், அதன் முன்னால் ஒரு சுழல் நாற்காலி. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்து, மணிக்கொரு தரம் அழுத்தம், நீர்மட்டம், பேரிங் சூடு எல்லாவற்றையும் குறித்து வைப்பார். அது கம்பெனி கொடுத்த வேலை. ஊர் கொடுத்த வேலை வேறு. நாங்கள் தங்கியிருக்கும் கேம்ப்பில் யாருக்கு என்ன கடிதம் வேண்டுமானாலும் ரைட்டர்தான் எழுத வேண்டும்.

கம்பெனிக்குப் போகும் கடிதமெல்லாம் ஆபீஸ் பாஷையில் போக வேண்டும். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு அந்தப் பாஷையில் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ரைட்டருக்கு அது கைவந்த கலை. பல்வலி லீவு, தங்கை கல்யாண லீவு, அறை மாற்றிக் கொடுக்கச் சொல்லி விண்ணப்பம், சமையல்காரனைப் பற்றிய புகார், அந்தப் புகாருக்குச் சமையல்காரன் தரும் பதில், இரண்டையும் அவரே எழுதுவார். இரண்டிலும் நியாயம் இருக்கும். மேனேஜரே ஒருமுறை சிரித்துவிட்டார்.

நான் இங்கே டைம்கீப்பர். வருகைப் பதிவு, லீவு, டிக்கெட், ஆள் மாற்றம் எல்லாம் என் மேஜையில்தான். பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த மனிதரின் கோப்பு எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும்? ரைட்டருடையது என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. தனக்கென்று ஒரு துண்டுக் காகிதம் எழுதியதில்லை மனிதர். ஏன் அண்ணே என்று கேட்டால், "எனக்கு என்னப்பா வேணும்?" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். வாயைத் திறந்து ஒன்று கேட்டால் முத்தா உதிர்ந்துவிடும்?

இந்தத் தடவை அவருக்கு வேண்டியிருந்தது. அவருடைய ஒரே மகள் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை வாங்கியிருந்தாள். பதினாறாம் தேதி சாயங்காலம் அவளுக்கு விமானம். ஒப்பந்தம் மூன்று வருஷம், நடுவில் ஊருக்கு வர அனுமதி கிடையாது. மகள் பிறந்தபோது இவர் இங்கே. பள்ளிக்கூடம் சேர்ந்தபோது இங்கே. பட்டம் வாங்கியபோதும் இங்கேதான். இந்த ஒரு தடவை பெட்டி தூக்கிக் கொடுத்து வழியனுப்ப வேண்டும் என்று மூன்று மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தார். இதுவும் அவர் வாயால் சொன்னதில்லை. சலூன்காரரிடம், பதிமூன்றாம் தேதிக்கு முன்னால் முடி வெட்டிவிடச் சொல்லி அவர் கெஞ்சியபோது நானாகக் கறந்த விஷயம்.

எங்கள் நிலையத்தின் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பேனலை ஆளில்லாமல் விடக் கூடாது. ஊருக்குப் போகிறவருக்குப் பதிலாக வரவேண்டியவர் நேரில் வந்து, பொறுப்பு ஒப்படைப்புப் பதிவேட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் இவரை வெளியே விடுவோம். வரவேண்டியவர் தாமதமானால் இருப்பவர் இருந்தே ஆக வேண்டும். ரைட்டருக்கு மாற்று ஆள் மச்சான். எல்லாரையும் மச்சான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே அவனுக்கும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. மச்சான் பன்னிரண்டாம் தேதி ஊரில் விமானம் ஏறி, பதிமூன்று காலை இங்கே வர வேண்டும். அன்றைக்கே ரைட்டர் கிளம்பிவிடலாம்.

பன்னிரண்டாம் தேதி மத்தியானம் ஷிஃப்ட் இன்ஜினியர் பேனலைப் பார்த்துக்கொள்ளும் சாப்பாட்டு இடைவேளையில் ரைட்டர் என் அறைக்கு வந்தார். கட்டுப்பாட்டு அறைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் பெட்டகத்தில் போட்டுவிட வேண்டும். வெளியே வந்து எடுத்துப் பார்த்திருக்கிறார்.

"மச்சான் ஃபிளைட்டு கேன்சலாம்பா," என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கல்லுளிமங்கன்.

"அய்யய்யோ! அப்புறம்?"

"லெட்டர் எழுதிக் குடுக்கச் சொல்றான். மேனேஜருக்கு. லீவு நீட்டிச்சுக் கேட்டு."

"யாரு எழுதணும்?"

"நான்தான். வேற யாரு எழுதுவா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவருடைய லீவைத் தள்ளிப் போடச் சொல்லும் கடிதத்தை இவரே உட்கார்ந்து எழுத வேண்டுமாம்! அவரோ என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மச்சான் விமானக் கம்பெனியிலிருந்து வந்த செய்திகளை அப்படியே இவருக்கு அனுப்பியிருந்தான். அத்தாட்சி இணைக்க வேண்டும் அல்லவா. விமானம் ரத்தான செய்தியும், புது டிக்கெட்டின் நகலும் இல்லாமல் எங்கள் ஆபீஸில் ஒருநாள்கூட நீட்டிக்க மாட்டார்கள்.

மூன்று செய்திகள் இருந்தன. ரைட்டர் வரிசையாகப் படித்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். பன்னிரண்டாம் தேதி விமானம் கோளாறு காரணமாக ரத்து, வருந்துகிறோம் என்றது முதல் செய்தி. உங்களைப் பதினாலாம் தேதி விமானத்துக்கு மாற்றியிருக்கிறோம், அது தோதுப்படாவிட்டால் கட்டணமின்றி வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றது இரண்டாவது. நீங்கள் கேட்டுக்கொண்டபடி உங்கள் பயணம் பதினெட்டாம் தேதிக்கு மாற்றப்பட்டது என்றது மூன்றாவது.

"அண்ணே," என்றேன். "இவன் பதினாலாம் தேதியே வந்திருக்கலாம்."

"ம்."

"அவனாத் தள்ளிப் போட்டிருக்கான்!"

"ம்."

"அதை நமக்கே அனுப்பி வச்சிருக்கான் பாருங்க!"

மச்சானுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. தேதியை மாற்றிக் கொடுத்தது அவன் மைத்துனன் என்று பின்னால் தெரிந்தது. இவன் எதையும் படிக்காமல் வந்ததையெல்லாம் ரைட்டருக்குத் தள்ளிவிட்டான். எந்தக் காகிதம் வந்தாலும் ரைட்டருக்குத் தள்ளிவிட்டே எட்டு வருஷம் ஓட்டியவன். தன்னைக் காட்டிக் கொடுக்கும் காகிதத்தையும் அதே கையோடு அனுப்பிவிட்டான்.

நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். பதினாலாம் தேதி ஏறினால் பதினைந்து காலை இங்கே. அன்று சாயங்காலம் ரைட்டர் கிளம்பினால் பதினாறு மத்தியானம் ஊர் விமான நிலையத்தில் இறங்கிவிடலாம். மகள் விமானம் சாயங்காலம்தான். வீட்டுக்குப் போக முடியாது, ஆனால் வாசலிலேயே அவளைப் பார்த்துவிடலாம். நான் எண்ணும் முன்பே அவர் எண்ணியிருந்தார். இரண்டாவது செய்தியைக் கண்டதும், மூன்றாவதைத் திறப்பதற்குள் மகளுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினாரே, அது என் காதில் விழுந்தது. "மச்சான் மாமா ரெண்டு நாள் லேட்டும்மா. அப்பா பதினாறு மத்தியானம் நேரா ஏர்போர்ட்டுக்கே வந்துடறேன். வாசல்ல நில்லு." அதை அனுப்பிவிட்டுத்தான் மூன்றாவதைத் திறந்தார்.

"அவனுக்குப் போனைப் போடுங்க. பதினாலாம் தேதி சீட்டையே திரும்பப் பிடிக்கச் சொல்லுங்க. இன்னும் நேரம் இருக்கு," என்றேன்.

போட்டார். ஸ்பீக்கரில் மச்சான் குரல் குதித்துக்கொண்டு வந்தது. பின்னால் குழந்தைகள் சிரிக்கும் சத்தம்.

"ரைட்டரே! எழுதிட்டியா? பாத்து உருக்கமா எழுது!"

"எழுதறேன் மச்சான். ஏன், பதினாலாம் தேதி ஃபிளைட்டு ஒண்ணு இருக்கு போலிருக்கே?"

அவன் மறைக்கவில்லை. "இருந்துச்சு ரைட்டரே. காலையில பெட்டியக் கட்டிட்டு, எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருந்தோம். கேன்சல்னு மெசேஜ் வந்ததும் என் பொண்டாட்டி கை தட்டிச் சிரிச்சா தெரியுமா? எட்டு வருஷத்துல அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. அதான், ஒரு நாலு நாள் சேத்துப் போட்டேன். உனக்கு ஒண்ணும் அவசரமில்லையே?"

நான் ரைட்டரின் தோளைக் கிள்ளினேன். சொல்லுங்க, சொல்லுங்க என்று உதட்டை அசைத்தேன். என் மகள் போகிறாள் என்று மூன்று வார்த்தை. மச்சான் கெட்டவன் இல்லை. சொன்னால் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்திருப்பான்.

ரைட்டர் தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான். பிள்ளைங்களோட இருந்துட்டு வா," என்றார். போனை வைத்தார்.

என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். "ஏன்ணே இப்படி? உங்க வாய்க்கு யாராவது பூட்டுப் போட்டிருக்காங்களா?"

"அந்தப் பொண்ணு சிரிச்சுதுங்கறான்பா," என்றார். "அப்புறம் எப்படிச் சொல்றது?"

"உங்க பொண்ணு?"

அவர் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். மற்றவர்களுக்கு எப்படி எழுதுவாரோ அப்படியே எழுதினார். மரியாதைக்குரிய ஐயா, இன்ன எண் கொண்ட ஊழியர், பதிமூன்றாம் தேதி பணிக்குத் திரும்ப வேண்டியவர், இன்ன எண் விமானம் ரத்தானதால் வர இயலவில்லை, புதிய டிக்கெட் பதினெட்டாம் தேதிக்குக் கிடைத்துள்ளது, ஆகவே பத்தொன்பதாம் தேதி பணியில் சேர ஏதுவாக ஆறு நாள் விடுப்பு நீட்டித்துத் தர வேண்டுகிறேன், அத்தாட்சிகள் இணைப்பில். பொய்யாக ஒரு வார்த்தை இல்லை. மூன்று செய்திகளையும் அச்செடுத்து இணைத்தார். இரண்டாவதை ஒளித்து வைக்கவில்லை. மச்சானின் சம்மதம் அவன் அனுப்பிய செய்தியில் இருக்கிறது, அதனால் அவன் சார்பில் இவரே விண்ணப்பிக்கிறார் என்று ஒரு குறிப்பும் வைத்தார். எல்லாம் முறைப்படி.

நீட்டிப்புப் படிவத்தின் அடியில் ஒரு கட்டம் உண்டு. 'பணியில் இருப்பவரின் ஒப்புதல்' என்று அதன் தலைப்பு. வரவேண்டியவர் வரும்வரை நான் தொடர்ந்து பணியில் இருக்கச் சம்மதிக்கிறேன் என்று இருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் தலைமை அலுவலகம் வேறு நிலையத்திலிருந்து ஓர் ஆளை இரண்டு நாளில் அனுப்பியாக வேண்டும். விதி அப்படி. யாரும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு நான் பார்த்ததில்லை. விட்டால் ஏதோ சண்டை என்று அர்த்தம்.

ரைட்டர் காகிதங்களை அடுக்கி என்னிடம் நீட்டிவிட்டு, இடைவேளை முடிந்ததென்று பேனலுக்குப் போய்விட்டார். நான் புரட்டிப் பார்த்தேன். கட்டம் காலியாக இருந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடி சக்கை! பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக மனிதர் முடியாது என்று சொல்லியிருக்கிறார். வாயால் சொல்ல முடியாததைக் காலியாக விட்டுச் சொல்லியிருக்கிறார். மேனேஜர் பார்த்தால் கூப்பிட்டுக் கேட்பார், இவர் விஷயத்தைச் சொல்லுவார், ஆள் வரும், பதினாறாம் தேதி மகளைப் பார்ப்பார். நான் அந்தக் காகிதத்தை மேனேஜர் கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். அதற்குக் கீழே, அடுத்த மாதத்துக்கு நான் கேட்டிருந்த என் சொந்த லீவு விண்ணப்பம் இருந்தது.

மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டார். தணிக்கைக்காரர்கள் வந்திருந்த நேரம், மனிதர் சிடுசிடுவென்று இருந்தார்.

"ரைட்டர் எழுதின லெட்டர்தானே? எல்லாம் சரியா இருக்கும்," என்று இணைப்புகளைத் திறக்காமலே கடிதத்தின் மேல் கையெழுத்துப் போட்டார். பிறகு படிவத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். காலிக் கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. "இங்க சைன் பண்ண மறந்துட்டாரு பாருங்க. வயசாகுதில்ல. வாங்கிட்டு வந்து ஃபைல் பண்ணிடுங்க."

"சார்," என்றேன்.

"என்ன?"

இதோ, இங்கேதான் நான் பேசியிருக்க வேண்டும். மறக்கவில்லை சார், வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார், அவர் மகள் போகிறாள் சார் என்று. என் வாய் எவ்வளவு நீளம் என்று கேம்ப் முழுக்கத் தெரியும். சமையலறையில் பேசுவேன், பஸ்ஸில் பேசுவேன், ரைட்டரையே ஊமை என்று திட்டுவேன். ஆனால் மேனேஜரின் கை அப்போது அடுத்த காகிதத்தின் மேல் இருந்தது. அது என் லீவு. பேனா மூடி திறந்தே இருந்தது.

"ஒண்ணுமில்ல சார்," என்றேன். அவர் என் லீவிலும் கையெழுத்துப் போட்டார்.

படிவத்தை எடுத்துக்கொண்டு கட்டுப்பாட்டு அறைக்குப் போனேன். ஜன்னல் இல்லாத அறை. பம்புகளின் உறுமல் தரை வழியாகக் காலில் ஏறும். ரைட்டர் நான்காவது பம்ப் பேரிங் சூட்டைக் குறித்துக்கொண்டிருந்தார். முடி வெட்டியிருந்தார். பிடரி வெள்ளையாகத் தெரிந்தது. என்னைக் கண்டதும் நாற்காலியோடு திரும்பினார். கண்ணில் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது, அதை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"பாத்தாரா?"

"பாத்தாரு."

"கேட்டாரா?"

நான் படிவத்தை மேஜையில் வைத்தேன். பென்சில் குறியைப் பார்த்தார். "மறந்துட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டாருண்ணே," என்றேன்.

ரைட்டர் சிரித்தார். சிரித்தாரா, மூச்சு விட்டாரா தெரியவில்லை. "ஆமா, நான் எப்பவும் போடறவன்தானே," என்றார்.

"போடாதீங்கண்ணே. நேரா அவர் ரூமுக்குப் போய்ச் சொல்லுங்க. நான் பேனலப் பாத்துக்கறேன்."

"நீ பேனலப் பாக்கக் கூடாது. லைசென்ஸ் இல்ல."

"அப்ப போன்ல சொல்லுங்க!"

"அவர் லெட்டர்ல சைன் போட்டாச்சு. மச்சானையும் இருந்துக்கச் சொல்லியாச்சு. இப்பப் போயி மாத்திப் பேசினா என்னை என்ன நெனப்பாங்க?"

"நெனச்சிட்டுப் போகட்டுமே!"

மூன்றாவது பம்பின் எச்சரிக்கை விளக்கு மினுங்கியது. எழுந்து போய் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, பதிவேட்டில் நேரத்தைக் குறித்தார். அதே பேனாவால், அதே வேகத்தில், கட்டத்திலும் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். கிழித்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. ஆபீஸுக்கு வந்து முத்திரை குத்தினேன்.

பதினாலு, பதினைந்து இரண்டு நாளும் அவர் எப்போதும் போலத்தான் இருந்தார். சாப்பிட்டார், டூட்டி பார்த்தார், வெல்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மகளிடம் பேசிவிட்டீர்களா என்று ஒருமுறை கேட்டேன். "பேசணும்," என்றார். பேசிவிடுவார் என்று நானும் விட்டுவிட்டேன்.

பதினாறாம் தேதி சாயங்காலம் நாலரை மணிக்கு ஆபீஸ் தொலைபேசி அடித்தது. எடுத்தேன்.

"சித்தப்பாவா? நான் பேசறேன்." ரைட்டரின் மகள். பின்னால் ஒரே இரைச்சல், சக்கரப் பெட்டிகள் உருளும் சத்தம், யாரோ அறிவிப்பது. "அப்பா போன் சுவிட்ச் ஆஃப்னு வருது சித்தப்பா. ஃபிளைட்டு லேட்டா? மத்தியானம் எறங்கிடுவேன்னாரு. நான் பன்னெண்டு மணிலேர்ந்து வாசல்லயே நிக்கறேன்."

பாவி மனிதர், அவளிடமும் சொல்லவில்லை.

"ஒரு நிமிஷம் இரும்மா," என்று சொல்லிவிட்டு, உள்பேசியில் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டேன். "அண்ணே, உங்க பொண்ணு லைன்ல இருக்கா. வாசல்ல நிக்கறா. குடுக்கறேன், பேசுங்க."

பம்புகளின் உறுமலுக்கு நடுவே அவர் குரல் வந்தது.

"அவ கிட்ட எப்படிப்பா சொல்லுவேன்?" என்றார். "ரெண்டு நாளா போன எடுத்து எடுத்து வச்சிட்டேன். நீ சொல்லிடு. போகச் சொல்லு. கவுண்டரை மூடிடுவாங்க." உள்பேசி அணைந்தது.

கோபம் வந்தது. அவர் மேல் வந்ததா என் மேல் வந்ததா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. தொலைபேசியை எடுத்தேன்.

"அப்பா இங்கதாம்மா இருக்காரு. டூட்டில."

அந்தப் பக்கம் அவள் அம்மா என்னவாம் என்று கேட்பதும், இவள் போனைப் பொத்திக்கொண்டு ஏதோ சொல்வதும் கேட்டது. பிறகு, சின்னப் பிள்ளையின் குரலில் கேட்டாள். "அப்பா லீவே கேக்கலையா சித்தப்பா?"

என் மேஜைக்கு எதிரே அலமாரி. அதில் அந்தப் படிவம், நான் குத்திய முத்திரையோடு.

"கேட்டாரும்மா," என்றேன். "எனக்குத் தெரியும், அவர் கேட்டாரு. நாங்கதான் விடல."

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"நேரமாச்சு, உள்ள போம்மா," என்றேன்.